பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு அடி விழுந்தால்: காயத்தைப் பதிந்து வைக்கும் முறை

வெளிநாட்டிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வந்து யாழ்ப்பாணத்தில் குடியேறியிருப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தனியார் வைத்தியரின் கடிதம் உதவும், ஆனால் அது மட்டும் போதாது. வழக்கு என்று வந்தால், பொலிஸ் தரும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தில் அரச வைத்தியர் எழுதுவதுதான் முதலில் கேட்கப்படும். பெரும்பாலும் சட்ட வைத்திய அதிகாரிதான் பார்ப்பார்.

காயம் கடுமையாக இருந்தால் படிவத்துக்காகக் காத்திருக்காமல் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். அடிபட்டு வந்ததாகச் சொன்னால் பொலிசுக்கு அங்கிருந்தே அறிவிப்பார்கள். கன்னத்தில் அறை விழுந்து காது இரைகிறது, கேட்கவில்லை என்று பிள்ளை சொன்னால் அதை மறக்காமல் சொல்லுங்கள். செவிப்பறை கிழிந்திருப்பது வெளியே தெரியாது.

அதிகம் கெடுவது ஆஸ்பத்திரியில் முதலில் எழுதும் துண்டில்தான். வெட்கத்திலோ பயத்திலோ "விழுந்திட்டான்" என்று சொன்னால் அது அப்படியே எழுதப்படும். பிறகு மாற்றிச் சொன்னால் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். யார், எதால், எத்தனை தரம், எத்தனை மணிக்கு என்பதைப் பிள்ளையே தன் வாயால் சொல்லட்டும். நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

காயத்தைப் படம் எடுப்பதற்கு ஓர் உதாரணம். திங்கள் காலை பிரம்படி, பின்னேரம் தொடையில் தடம் தெரிகிறது. பிரம்படி பல நேரம் இரண்டு சிவந்த கோடுகளாகவும் நடுவில் வெளிறியும் இருக்கும். அடித்தது தடி போன்ற ஒன்று என்பதற்கு அதுவே சாட்சி. நேரம் போகக் கோடுகள் கலங்கிவிடும். ஆகவே எண்ணெயோ பாமோ பூசுவதற்கு முன், பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் எடுங்கள். முதலில் முகமும் காலும் சேர்ந்து தெரிய ஒன்று, பிறகு தொடை மட்டும், பிறகு கிட்ட. கிட்டப் படத்தில் காயத்தை மறைக்காமல், தோலோடு ஒட்டி, ஓர் அடிமட்டம் வையுங்கள். அடிமட்டம் இல்லாமலும் ஒன்று எடுங்கள். போனைச் சரித்துப் பிடித்தால் அளவு பிழைக்கும்.

செவ்வாயும் புதனும் அதே இடத்தை மறுபடி எடுங்கள். ஆழத்தில் விழுந்த கண்டல் ஓரிரு நாள் கழித்தே மேலே தெரியும், சிலவேளை அடிபட்ட இடத்துக்குக் கீழே இறங்கியும் தெரியும். புதிதாக ஏதும் தெரிந்தால் வைத்தியரிடம் திரும்பக் காட்டுங்கள். நிறத்தை வைத்து "இது இத்தனை நாள் காயம்" என்று நீங்களே எழுத வேண்டாம். வைத்தியர்களாலும் அதைத் திட்டமாகச் சொல்ல முடியாது.

மூலப் படத்தில் வட்டம் போடவோ வெட்டவோ கூடாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, எடுத்த நேரத் தகவலும் போய்விடும். ஆவணமாக அனுப்புங்கள், மூலம் போனிலேயே இருக்கட்டும். முகநூலில் போட வேண்டாம்.

சட்ட வைத்திய அறிக்கை உங்கள் கைக்கு வராது, நீதிமன்றத்துக்குப் போகும். எனவே முறைப்பாட்டு இலக்கம், படிவ இலக்கம், பரிசோதித்த திகதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி, வார்டில் நின்றிருந்தால் வீட்டுக்கு விடும்போது தரும் நோய் நிர்ணய அட்டையையும் அதோடு வையுங்கள். பொலிசில் படிவம் தரத் தயங்கினால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம்.