புது பேட்டரி போட்டும் நின்றுபோன இன்வர்ட்டர்

சுங்கை சிப்புட் பக்கம், எங்கள் தோட்டத்துக் கோயிலில் 24 வோல்ட் இன்வர்ட்டர். தொடரிணைப்பில் இருந்த இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளில் செத்ததை மட்டும் மாற்றியிருந்தார்கள். அப்புறமும் கரண்ட் போனால் சில நிமிடங்களில் அணைந்துவிடும். முனைகளைத் தேய்த்தேன், இன்வர்ட்டரையும் மாற்றிப் பார்த்தேன், பலனில்லை.

சும்மா இருக்கும்போது மொத்தம் 25.4 வோல்ட், குறையே தெரியாது. விளக்குகளைப் போட்டுவிட்டுத் தனித்தனியாக அளந்ததும் பிடிபட்டது: புதியது 12.2, பழையது 8.8. கூட்டினால் 21, இன்வர்ட்டர் அணையும் அளவு. இரண்டிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடுகிறது. பழையது தீர்ந்ததும் புதியதில் மிச்சமிருப்பது பயன்படாது.

சார்ஜில் இன்னும் வேடிக்கை. பழையது முதலில் நிறைந்து 15.6க்கு ஏறிக் குமிழி விடுகிறது. மொத்தம் 28.8ஐத் தொட்டதும் சார்ஜர் மின்னோட்டத்தைக் குறைக்கிறது, புதியது 13.2இல் அரைகுறையாக நிற்கிறது. பழையதில் மட்டும் தண்ணீர் வற்றியது அதனால்தான்.

ஒரே மாடலில், ஒரே மாதம் தயாரான இரண்டைப் போட்டதும் சரியானது. அப்பாடா! முந்தைய புது பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, வாசல் விளக்குக்குத் தனியாகக் கொடுத்துவிட்டோம்.