‘புதுச்சேரி’ என்றால் எந்தப் புதுச்சேரி?

2011 கணக்கெடுப்பின் ‘சி-1’ மத அட்டவணையில் புதுச்சேரியில் முஸ்லிம்கள் சுமார் 6 சதவீதம். இதை நம்ம ஊருக்கான எண் என்று எடுத்துக்கொண்டால் தப்பு. அது காரைக்கால், மாஹே, ஏனாம் சேர்ந்த மொத்த யூனியன் பிரதேசத்துக்கான எண்.

மாஹேயைப் பாருங்கள். யூனியன் பிரதேசத்தின் 12,47,953 பேரில் அங்கே இருப்பவர்கள் 41,816 பேர்தான்; ஆனால் அவர்களில் பத்துக்கு மூன்று பேர், அதாவது ஏறக்குறைய 12,500 பேர், முஸ்லிம்கள். மொத்த முஸ்லிம்கள் 75,000 பேர் அளவில் என்றால், ஆறில் ஒருவர் கேரளத்துக்குள் இருக்கும் அந்தக் குட்டி ஊர்க்காரர்! காரைக்காலிலும் விகிதம் கூடுதலே.

அதனால் மாவட்ட வரிசையைத் தனியே பாருங்கள். பக்கத்துக் கடலூரோடு ஒப்பிட வேண்டுமானால் 9,50,289 பேர் கொண்ட புதுச்சேரி மாவட்டத்தை எடுங்கள். சதவீதம் மட்டும் போதாது, தலைக்கணக்கையும் பாருங்கள்.