வினாத்தாளையும் கற்றல் விளைவையும் பொருத்தும்போது நாம் செய்யும் தவறுகள்

ஆறாம் வகுப்பு அறிவியலில் அளவீடுகள் பாடம். 20 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு வைக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பாடத்துக்கு நான்கு கற்றல் விளைவுகளை எடுத்துக்கொள்கிறோம்: அளவுகோலால் நீளத்தைச் சரியாக அளப்பது (அ), அலகுகளை மாற்றுவது (ஆ), ஒழுங்கற்ற பொருளின் கன அளவை நீரில் மூழ்கவைத்துக் கண்டுபிடிப்பது (இ), இடமாறு தோற்றப் பிழை ஏன் வருகிறது என்று விளக்குவது (ஈ). ஒவ்வொரு வினாவும் இவற்றில் எதைச் சோதிக்கிறது என்று எழுதிவைக்கும் தாள்தான் பொருத்த அட்டவணை. ஒரு நோட்டுப் பக்கம் போதும்.

பெரும்பாலும் தலைப்பைப் பார்த்துப் பொருத்துவதில்தான் சறுக்குகிறோம். 'நீளத்தின் SI அலகு என்ன?' என்ற வினாவில் நீளம் என்ற சொல் இருக்கிறது. உடனே அதை 'அ' வரிசையில் போட்டுவிடுகிறோம். ஆனால் 'அ' சொல்வது அளப்பதை. 'மீட்டர்' என்று எழுதிய பிள்ளை அளவுகோலைக் கையில் எடுத்ததே இல்லாமல் இருக்கலாம். விளைவின் வினைச்சொல்லையும், பதில் எழுத மாணவர் உண்மையில் செய்யும் வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதனால் என் அட்டவணையில் ஒரு நிரலை அதிகமாகச் சேர்த்துக்கொள்கிறேன்:

| வினா | பதிலுக்கு மாணவர் செய்வது | விளைவு | மதிப்பெண் |
|---|---|---|---|
| 1 | SI அலகின் பெயரை நினைவுகூர்கிறார் | எதுவும் இல்லை | 1 |
| 2 | படத்தில் இரு முனைகளையும் படித்துக் கழிக்கிறார் | அ | 2 |
| 7 | நீர்மட்ட வேறுபாட்டைக் காண்கிறார், லிட்டராக மாற்றுகிறார் | இ? ஆ? | 3 |

இரண்டாவது நிரலை நிரப்ப ஒரே வழி, விடைக்குறிப்பைப் பார்க்காமல் வினாவை நாமே எழுதிப் பார்ப்பது. 1-ஆம் வினாவுக்கு எந்த விளைவும் பொருந்தவில்லை என்பது அப்போதுதான் வெளியே வரும். அதை நீக்கலாம், அல்லது மாற்றலாம். 2-ஆம் வினா அப்படி மாற்றி வந்ததுதான்: பென்சிலின் ஒரு முனை 2 செ.மீ. கோட்டிலும் மறுமுனை 8.7-லும் இருக்கும் படம். சரியான விடை 6.7 செ.மீ. 8.7 என்று எழுதியவர் மறுமுனையை மட்டும் படித்திருக்கிறார்; எதைத் திரும்பச் சொல்லித்தர வேண்டும் என்பது அந்தத் தவறான விடையிலேயே இருக்கிறது. படத்திலேயே அளவுகோலை வரைந்துவிடுங்கள். அச்சிட்ட கோட்டை அளக்கச் சொல்லி நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஜெராக்ஸில் கோடு சுருங்கிப்போய், கவனமாக அளந்த பிள்ளைகளுக்கெல்லாம் விடைக்குறிப்பின்படி பூஜ்யம்.

7-ஆம் வினா வேறு வகைச் சிக்கல். அளவு சாடியில் 40 மி.லி. நீர், கல்லைப் போட்டதும் 55 மி.லி. கல்லின் கன அளவை லிட்டரில் சொல்ல வேண்டும். 15 மி.லி. என்று கண்டுபிடித்துவிட்டு, அதை 0.15 லிட்டர் என்று எழுதி மொத்த மதிப்பெண்ணையும் இழக்கும் மாணவரை நினைத்துப் பாருங்கள். 'இ' அவருக்கு நன்றாகவே தெரியும், தடுமாறியது 'ஆ'-வில். அட்டவணையோ 'இ' வரவில்லை என்று சொல்லும். இரண்டு விளைவிலும் டிக் போட்டுவிட்டால் சரியாகிவிடாது. அப்புறம் எந்த மதிப்பெண் எதற்கு என்றே தெரியாமல் போகும். வினாவைப் பிரிப்பதுதான் வழி: கன அளவை மி.லி.-இல் காண்க (2), அதை லிட்டராக மாற்றுக (1). விடை 0.015.

வரிசையில் எத்தனை வினா என்று எண்ணிவிட்டுத் திருப்தி அடைவதும் உண்டு. 'ஆ'-வுக்கு நான்கு ஒரு மதிப்பெண் வினாக்கள், 'ஈ'-க்கு ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் வினா என்றால், பார்வைக்கு 'ஆ' கனமாகத் தெரியும். மதிப்பெண்ணைக் கூட்டினால் 4-க்கு 5. மூன்று பீரியட் எடுத்துச் சொல்லித்தந்தது 'ஆ', ஒரே பீரியடில் முடிந்தது 'ஈ' என்றால் இந்தக் கணக்கு தலைகீழ். ஒரே வினாவை வைத்து 'ஈ' வந்துவிட்டது, வரவில்லை என்று தீர்மானிக்கவும் முடியாது. அன்றைக்குக் கைதவறியதா, உண்மையிலேயே புரியவில்லையா என்று பிரித்துப் பார்க்க இரண்டு மூன்று வினாக்களாவது வேண்டும். அந்த ஐந்து மதிப்பெண்ணை 2, 2, 1 என்று பிரித்தாலே போதும்.

கடைசியாக, காலி வரிசை. 'அ'-வின் ஒரு பகுதியை, அதாவது அளவுகோலைப் பொருளோடு ஒட்டிவைத்துக் கண்ணை நேராகக் கொண்டுவந்து அளப்பதை, எழுத்துத் தேர்வு தொடவே முடியாது. அந்தக் கட்டத்தில் எதையாவது போட்டு நிரப்பாமல் 'செய்முறையில் பார்க்கவும்' என்று எழுதுங்கள். ஐந்து பிள்ளைகளாக அழைத்து மேசையின் நீளத்தை அளக்கச் சொன்னால், யார் சாய்ந்து பார்க்கிறார்கள் என்று நின்ற இடத்திலிருந்தே தெரிந்துவிடும்.