நீண்ட நேரலையில் துணுக்கு வெட்டுபவர்கள் குறி வைக்கும்போது செய்யும் தவறுகள்

ஒரு சதுரங்கப் போட்டியின் நேரலை ஐந்து மணி நேரம் ஓடுகிறது. அதில் மறுநாள் நண்பர்களுக்கு அனுப்பத் தகுந்தது மொத்தமாகப் பத்து நிமிடம் தேறலாம். அந்தப் பத்து நிமிடத்தைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி, பதிவை முழுதாக ஓடவிட்டு, நல்ல இடம் வரும்போதெல்லாம் ஒரு குறி வைத்துக்கொண்டே போவதுதான். சாட் எங்கே பொங்கியது என்று பார்த்துத் தாவித் தாவி வெட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சதுரங்கத்தில் சிறந்த தருணங்கள் பல அரங்கம் அமைதியாக இருக்கும்போதுதான் நிகழ்கின்றன. சாட்டில் எழுதுபவர்களுக்கு அவை புரிவதற்குள் இரண்டு நகர்வுகள் கடந்துவிடும்.

முழுதாகப் பார்த்துக் குறித்தவர்களின் துணுக்குகளும் பல நேரம் சப்பென்று இருக்கின்றன. குறி வைத்த இடத்தையே துணுக்கின் தொடக்கமாக எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். ஏதோ நடந்துவிட்டது என்று மனம் உணர்ந்த பிறகே விரல் விசையை அழுத்துகிறது. ஆகவே குறி விழும் இடம் எப்போதும் தருணம் முடிந்த இடம்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 55-வது நகர்வில் டிங் லிரென் தன் யானையை f2 கட்டத்துக்கு நகர்த்தினார். அந்த ஒரு நகர்வில் குகேஷ் உலக சாம்பியன் ஆவது ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. ஆனால் அந்த நகர்வை மட்டும் வெட்டிக் காட்டினால் தெரிவது என்ன? ஒரு யானை சில கட்டங்கள் தள்ளி வைக்கப்படுகிறது, அவ்வளவுதான். அதன் கனம் முன்னும் பின்னும் இருக்கிறது. ஆட்டம் டிராவாக முடியும், பட்டம் டைபிரேக்கரில்தான் முடிவாகும் என்று பலரும் எதிர்பார்த்திருந்த நேரம் அது. டிங்கின் பிஷப் a8 மூலையில் நின்றது. அதனால் யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் பிஷப்பை d5-க்குக் கொண்டுவந்து பிஷப்புகளையும் மாற்றிக்கொள்ள முடியும். மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் இருக்கும், கறுப்பில் ஆடிய குகேஷ் வெல்லும் நிலை. டிரா என்ற எதிர்பார்ப்பை முதலில் காட்ட வேண்டும், பிஷப் ஏன் தப்ப முடியாது என்ற விளக்கத்தைப் பின்னால் காட்ட வேண்டும். நடுவில் இருக்கும் அந்த நகர்வுக்கு அப்போதுதான் பொருள் வருகிறது.

இதையே ஒரு சிறிய கழகத்தின் நேரலையில் வைத்துப் பார்ப்போம். கடைசிச் சுற்று, குறி 3:12:40-இல் விழுந்திருக்கிறது. பின்னோக்கிப் போனால் தோற்றவர் கை கொடுப்பது 3:12:33. பிழையான குதிரை நகர்வு 3:12:29. இன்னும் பின்னால், 3:11:50-இல், வர்ணனையாளர் சொல்கிறார்: “குதிரை மட்டும் அங்கே போகாமல் இருந்தால் இந்த ஆட்டம் தப்பிவிடும்.” துணுக்கு அங்கேதான் பிறக்கிறது. அந்த வாக்கியத்துக்கு இரண்டு நொடி முன்னால், 3:11:48-இல் தொடங்கி, அவர் விளக்கி முடிக்கும் 3:13:23-இல் முடித்தால் 95 நொடி. குறியிலிருந்து தொடங்கியிருந்தால் குதிரையும் இருக்காது, எச்சரிக்கையும் இருக்காது. கை கொடுத்தபின் நிலவும் மௌனம் மட்டும் கிடைத்திருக்கும்.

எவ்வளவு பின்னால் போவது என்பதற்கு நிலையான அளவு கிடையாது. ‘குறிக்கு முன் 30 நொடி’ என்று ஒரே கணக்கில் எல்லாவற்றையும் வெட்டுவதும் தவறுதான். ஒவ்வொரு குறியிலிருந்தும் பின்னோக்கி நகர்ந்து, முன்பின் தெரியாத ஒருவருக்கு நிலைமையைச் சொல்லிவிடும் கடைசி வாக்கியம் எது என்று தேட வேண்டும். வேகமாக ஓடவிட்டுப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கை மூன்று நொடி தாமதித்தால், ஒன்றரை மடங்கு வேகத்தில் படம் நாலரை நொடி ஓடியிருக்கும். இரு மடங்கு வேகத்தில் ஆறு நொடி. வர்ணனை நிறைந்த பகுதிகளை ஒன்றரை மடங்கில் பார்ப்பது சரி. கடிகாரத்தில் நேரம் குறைந்து, இருவரும் பேச்சில்லாமல் அமர்ந்திருக்கும் பகுதிகளை இயல்பான வேகத்தில்தான் பார்க்க வேண்டும். வேகத்தைக் கூட்டினால் அந்தத் தவிப்பு தெரியாது, குறியும் விழாது.

அடுத்த தவறு, குறி வைத்த கையோடு நிறுத்தி அங்கேயே வெட்டத் தொடங்குவது. ஒரு துணுக்கை ஒழுங்குபடுத்தக் கால் மணி நேரம் போய்விடும். திரும்பி வரும்போது ஆட்டத்தின் ஓட்டம் மனதில் அறுந்திருக்கும், அடுத்த நல்ல இடம் கண்ணில் படாமல் கடந்துபோகும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. முதல் மணி நேரத்தில் எது பின்னால் முக்கியமாகும் என்று யாருக்கும் தெரியாது. தொடக்கத்தில் ஒருவர் ஒரு சிப்பாயைப் பொழுதுபோக்காகத் தள்ளுகிறார். நாலாவது மணி நேரத்தில் அந்தச் சிப்பாயே ராணியாகிறது. முழுதும் பார்த்து முடித்தபிறகுதான் முதல் நகர்வுக்கும் குறி தேவை என்று தெரியும். முதல் சுற்றில் குறிப்பது மட்டும், வெட்டுவது இரண்டாம் சுற்றில் என்று பிரித்துக்கொண்டால் இந்த இணைப்புகள் கிடைக்கும்.

அதற்கு, குறியோடு ஓரிரு சொற்கள் இருந்தே ஆக வேண்டும். சொல்லில்லாத நாற்பது குறிகள் மறுநாள் வெறும் எண்கள். ஒவ்வொன்றையும் மறுபடி ஓடவிட்டுத்தான் என்னவென்று அறிய முடியும். நான் ஒரு சாதாரண உரைக்கோப்பில் இப்படி எழுதுவேன்:

```
0:41:20  சிப்பாய் h5, சிரிக்கிறார்
2:05:14  கடிகாரம் 9 நொடி
3:12:40  குதிரைப் பிழை ***
```

நட்சத்திரங்களை முதல் சுற்றில் தாராளமாக இடக் கூடாது. தொடக்கத்தில் எல்லாமே சுவையாகத் தெரிவதால் முதல் மணி நேரத்தில் குறிகள் குவிகின்றன. கடைசி மணி நேரத்தில் களைப்பினால் குறைகின்றன. பட்டியலைப் பார்த்தாலே இந்தச் சாய்வு தெரியும். கடைசிப் பகுதியில் குறிகள் அப்படி மெலிந்திருந்தால், அதை வேறொரு நாள் புதிதாக உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

இனி, உழைப்பு முழுவதையும் வீணாக்கக்கூடிய தவறு: ஒரு பிரதியில் குறித்த நேரத்தை இன்னொரு பிரதியில் பயன்படுத்துவது. யூடியூபில் இருக்கும் பதிவைப் பார்த்துக் குறிக்கிறோம். வெட்டும்போது, படம் தெளிவாக இருக்கிறதே என்று, ஓபிஎஸ் மென்பொருள் கணினியில் சேமித்த கோப்பை எடுக்கிறோம். இரண்டும் ஒரே கணத்தில் தொடங்கியிருக்காது. பதிவு செய்யும் பொத்தானை முதலில் அழுத்தி, சில நிமிடம் ஒலியைச் சரிபார்த்து, பிறகே நேரலைக்குப் போவது வழக்கம். அந்த இடைவெளியை ஒருமுறை அளந்து எல்லாக் குறிகளோடும் கூட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நடுவில் இணைய இணைப்பு அறுந்திருந்தால் அது போதாது. கணினியிலுள்ள பதிவு அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். இணையத்திலுள்ள பிரதியில் அந்த நொடிகள் இல்லாமல் போகக்கூடும்.

எனவே இரண்டு இடங்களில் அளக்க வேண்டும். கடிகாரத்தைத் தட்டும் ஓசை, நாற்காலி இழுபடும் ஓசை போல் கூர்மையான ஒன்றைத் தொடக்கத்திலும் முடிவிலும் தேர்ந்துகொள்ளுங்கள். நம் கழக நேரலையில் தொடக்க ஓசை யூடியூபில் 0:10:05, கணினிக் கோப்பில் 0:14:23; வித்தியாசம் 4 நிமிடம் 18 நொடி. முடிவிலுள்ள ஓசை யூடியூபில் 4:50:20, கணினியில் 4:55:13. வித்தியாசம் 4 நிமிடம் 53 நொடி. இடையில் எங்கோ 35 நொடி காணாமல் போயிருக்கிறது. நடுப்பகுதியில் ஒரு ஓசையை அளந்து, அறுந்த இடம் முன்பாதியிலா பின்பாதியிலா என்று பார்த்து, அந்தப் பாதியையும் பிரித்துக்கொண்டே போனால் சீக்கிரம் பிடித்துவிடலாம். இங்கே அது இரண்டாம் மணி நேரத்தில் நடந்திருக்கிறது. ஆகவே 3:11:48 என்பது கணினிக் கோப்பில் 3:16:41. முதல் வித்தியாசத்தை மட்டும் கூட்டியிருந்தால் 35 நொடி முன்னதாகத் தொடங்கி, குதிரை நகர்ந்த 19 நொடியிலேயே துணுக்கு முடிந்திருக்கும்.

யூடியூப் பிரதியின் முன்பகுதியை யாராவது பிறகு நறுக்கியிருந்தாலும் எல்லா நேரங்களும் மாறிவிடும். எனவே குறிக்கும் முன் எந்தப் பிரதி என்று கோப்பின் முதல் வரியில் எழுதிவைப்பது அவசியம். எடிட்டிங் மென்பொருளில் 29.97 ஃபிரேம் வேகத்தில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. அங்கே நேரம் காட்டும் முறை ‘டிராப் ஃபிரேம்’ ஆக இல்லாவிட்டால், அது உண்மையான கடிகாரத்தைவிட மணிக்கு 3.6 நொடி பின்தங்கும். மூன்று மணி நேரத்தைத் தாண்டிய குறி 11 நொடி தள்ளிப் போய் நிற்கும். குறிகள் போகப் போகச் சீராக விலகினால் காரணம் இதுவாக இருக்கலாம். ஓரிடத்தில் சட்டென்று விலகினால் அது இணைப்பு அறுந்த இடம்.

நேரம் சரியாகக் கிடைத்தபின் வெட்டும் வேலையிலும் ஒரு தடுமாற்றம் உண்டு. தரம் குறையாமல், மறுகுறியாக்கம் இல்லாமல் வெட்டலாம் என்று இந்தக் கட்டளையைப் பலர் பயன்படுத்துகிறார்கள்:

```
ffmpeg -ss 3:16:41 -i stream.mkv -t 95 -c copy clip.mp4
```

கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் இப்படி வெட்டும்போது படம் முழுமையாகச் சேமிக்கப்பட்ட கீஃபிரேமிலிருந்துதான் தொடங்க முடியும்; மற்ற ஃபிரேம்களில் பெரும்பாலும் மாற்றங்கள் மட்டுமே பதிவாகியிருக்கும். நேரலைக்கு அனுப்பும்போது இரண்டு நொடிக்கு ஒரு கீஃபிரேம் வைப்பது வழக்கம். கணினியில் தனியாகப் பதிவு செய்யும்போது அந்த அமைப்பைத் தானியங்கியாக விட்டிருந்தால் இடைவெளி 250 ஃபிரேம் வரை நீளலாம். 30 ஃபிரேம் வேகத்தில் அது எட்டு நொடிக்கும் மேல். துணுக்கு அந்த அளவு முன்னதாகத் தொடங்கலாம். அந்தக் கூடுதல் பகுதியை மறைக்கும்படி ஒரு குறிப்பு கோப்பில் சேர்வதால் நம் கணினியில் சரியாகத் தெரிந்து, அதை மதிக்காத வேறு செயலியில் மட்டும் முன்பகுதி எட்டிப்பார்ப்பதும் உண்டு. லாஸ்லெஸ்கட் போன்ற மென்பொருளிலும் கீஃபிரேம் வரம்பு இதுவே. வர்ணனையாளரின் வாக்கியத்தில் சரியாகத் தொடங்க வேண்டுமென்றால் அந்தச் சிறு பகுதியை மட்டும் மறுகுறியாக்கம் செய்துவிடலாம்:

```
ffmpeg -ss 3:16:41 -i stream.mkv -t 95 -c:v libx264 -crf 18 -c:a aac clip.mp4
```

95 நொடிக்கு இது பெரிய சுமையில்லை. `-crf 18` என்ற அளவில் தர இழப்பு கண்ணுக்குத் தெரிவது அரிது. கிடைத்த கோப்பை வெட்டிய கணினியில் மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். பதிவேற்றியபின் ஒரு கைப்பேசியில் முதல் மூன்று நொடியையும் கடைசி மூன்று நொடியையும் ஒலியோடு ஓடவிட்டுப் பாருங்கள். முதல் சொல் பாதியில் தொடங்கினால், தொடக்கத்தை அரை நொடி முன்னால் தள்ளி மறுபடி வெட்ட வேண்டியதுதான்.