இருவரும் பேச்சு இல்லை: முகாமையாளர் நடுவில் நிற்பது எப்படி

கிளிநொச்சிப் பக்கம் ஒரு நெல் கொள்வனவு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். வெளிக்கள அலுவலர் பின்னேரம் விவசாயியின் முற்றத்தில் அளந்து, ஈரப்பதம் 14 வீதம் என்று நெல்லை எடுக்கிறார். மறுநாள் உழவு இயந்திரப் பெட்டியில் வந்திறங்கும் அதே மூட்டைகள் களஞ்சியத்தில் 16 காட்டுகின்றன. ஈரம் கூட என்று களஞ்சியப் பொறுப்பாளர் திருப்பி அனுப்புகிறார். இரண்டு போகம் இப்படிப் போனதில் இருவரும் முகம் பார்ப்பதில்லை. "வேணுமெண்டு செய்யிறார்" என்பதே இரு பக்கப் பேச்சும்.

முதலில் உங்களைச் சரிபாருங்கள். ஒருவரை "தம்பி" என்றும் மற்றவரைப் பதவிப் பெயராலும் கூப்பிட்டால், பக்கம் சாய்ந்துவிட்டதாகவே அலுவலகம் எடுத்துக்கொள்ளும். இருவருக்கும் ஒரே விளிப்பு, ஒரே "நீங்கள்". அந்த நாட்களில் ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் ஏறிப் போகவும் வேண்டாம். ஒருவர் உங்களுக்கு உறவென்றால் அதை இருவருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். மற்றவர் விரும்பாவிட்டால், வேறொரு மூத்தவரிடம் பொறுப்பைக் கொடுங்கள்.

அடுத்து, ஒரே நாளில், ஒரே அறையில், தலா அரை மணித்தியாலம் தனித்தனியாகக் கேளுங்கள். கேள்விகள் மூன்று: கடைசியாக எந்த நாள், எந்த லோட்டில் என்ன நடந்தது? அதனால் உங்கள் வேலையில் எது தடைப்பட்டது? எது மாறினால் வேலை ஓடும்? "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் அது விசாரணையாகிவிடும். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகாதீர்கள். பல சமரசங்கள் கெடுவது இங்கேதான்: நல்லெண்ணத்தோடு சொன்ன ஒரு வரியும் மற்றவர் காதில் குற்றச்சாட்டாகவே விழும். "அதை அவர் இருக்கும்போது நீங்களே சொல்லுங்கோ" என்று நிறுத்திவிடுங்கள்.

பிறகு இருவரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள், நெல்லோடு. பல மூட்டைகளின் மேல், நடு, அடியிலிருந்து எடுத்த நெல்லைக் கலந்து, இருவருடைய ஈரமானிகளையும் பக்கத்தில் வைத்து ஒரே மாதிரியை அளக்கச் சொல்லுங்கள். இலக்கம் வேறுபட்டால் கருவியைச் சீர்பார்க்க வேண்டும். ஒத்துப்போனால், முற்றத்தில் மாதிரி எடுத்த விதத்தைப் பாருங்கள். வெயிலில் காய்ந்த மேல் நெல்லை மட்டும் அள்ளியிருக்கலாம், அல்லது நெல் சூடாக இருக்கும்போதே அளந்திருக்கலாம். யார் பிழை என்று நீங்கள் வாய் திறக்கத் தேவையில்லை. இருவரும் ஒரே இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அங்கேயே ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: மாதிரி எடுக்கும் முறை, எந்த அளவீடு முடிவானது, வித்தியாசம் வந்தால் விவசாயிக்கு யார் தொலைபேசி எடுப்பது. வசனங்களை அவர்களே சொல்லட்டும். இருவரும் ஒப்பமிட்டபின் ஆளுக்கொரு பிரதி. "இனி ஒற்றுமையாக இருப்போம்" என்ற வரியைச் சேர்க்காதீர்கள், அதை யாராலும் அளக்க முடியாது.

மோசடியோ மிரட்டலோ வெளிவந்தால் சமரசத்தை உடனே நிறுத்தி, ஒழுக்காற்று நடைமுறைக்கு அனுப்ப வேண்டும்.

அடுத்த நாலு கிழமையும் திரும்பிய மூட்டைகளின் பதிவை இருவருடனும் சேர்ந்தே பாருங்கள். எண்ணிக்கை குறைந்தும் பேச்சு இல்லையென்றால் விட்டுவிடுங்கள். எண்ணிக்கை குறையாவிட்டால், எழுதிய பக்கத்தில் எந்த வரி நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்று இருவரிடமும் கேட்டு, அந்த வரியை மட்டும் திருத்துங்கள்.