மூன்று மின்விசிறி, பத்து நிமிடம்

ஒரு சீலிங் ஃபேன் வாங்க நான்கு நாள் போனது. இரவு ஒன்றை முடிவு செய்வேன், காலையில் இன்னொரு மாடல் கண்ணில் படும், மறுபடி முதலிலிருந்து. எக்செல்லில் ஒப்பீட்டு அட்டவணை போட்டேன். பதினேழு வரிசை ஆனதுதான் மிச்சம். குடும்ப வாட்ஸ்அப்பில் கேட்டதில் மேலும் ஐந்து பெயர் சேர்ந்தது.

கடைசியில், விலையையும் ஸ்டாரையும் பார்க்கும் முன்பே மூன்று நிபந்தனைகளைத் தாளில் எழுதினேன்: 1200 மி.மீ., 35 வாட்டுக்குள், ஊரிலேயே சர்வீஸ். இவற்றில் தேறிய முதல் மூன்று மாடல்களோடு பட்டியலை மூடிவிட்டு, அதன் பிறகே போனில் பத்து நிமிட டைமர் வைத்தேன். தேடும்போதே டைமர் ஓடினால் நேரமெல்லாம் தேடலுக்கே போய்விடும், ஒப்பிட மிஞ்சாது. முதல் முயற்சியில் அப்படித்தான் கோட்டைவிட்டேன்.

நான்காவது மாடல் உள்ளே வரவேண்டுமானால் மூன்றில் ஒன்று வெளியேற வேண்டும். மணி அடித்தும் இழுபறி என்றால் விலை குறைந்ததுதான் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். ஒன்பதாவது நிமிடத்தில் ஆர்டர் போட்டாயிற்று. வாடகை வீடு தேட இது போதாது. திருப்பிக் கொடுக்க முடிகிற பொருளுக்குத்தான் சரி.