பச்சைக் குழந்தைக்குத் தாய்ப்பால் போதுகிறதா? ஈரத் துணியையும் எடையையும் வைத்துப் பார்ப்பது எப்படி

மகள் பிறந்த ஐந்தாம் நாள் காலை. கோபிச்செட்டிபாளையம் பக்கம் அம்மா வீட்டில் இருந்தேன். துணி மாற்றும்போது செங்கல்லைப் பொடித்துத் தூவியது போல ஒரு கறை. ரத்தம் என்று பதறிவிட்டேன். அமுச்சி எட்டிப் பார்த்து, "சூட்டுக்கு அப்படித்தான் போகும் அம்மிணி" என்றார்.

அது ரத்தம் இல்லை, சூடும் இல்லை. சிறுநீர் கெட்டியாகும்போது படிகிற யூரேட் உப்பு. முதல் இரண்டு மூன்று நாட்களில் வந்தால் பயமில்லை. ஐந்தாம் நாளிலும் வந்தால் பால் போதாமல் இருக்கலாம், அன்றைக்கே காட்டிவிட வேண்டும்.

1. துணியை எண்ணுங்கள்

முதல் இரண்டு வாரம் டயாபர் வேண்டாம் என்பது என் கட்சி. அது ஈரத்தை உறிஞ்சி மறைத்துவிடும், கறையும் தெரியாது. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துக் கட்டுங்கள். காலை 6 மணி முதல் மறுநாள் 6 மணி வரை, தினக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சிறுநீருக்கு ஒரு கோடு, மலத்துக்கு ஒரு புள்ளி போடுங்கள்.

முதல் நாள் குறைந்தது ஒரு கோடு, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று ஏறி, ஐந்தாம் நாளிலிருந்து ஆறு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். சும்மா ஈரமானால் போதாது. துணி நன்றாக நனைந்து, வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டும். முதலில் போகும் கருப்பு மலம் (காட்டுப்பீ) பச்சையாகி, ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக, தினம் மூன்று நான்கு முறை போக வேண்டும். ஐந்தாம் நாளும் கருப்பாகவே போனால் பால் உள்ளே போகவில்லை.

சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் இந்தக் கணக்கே கெட்டுவிடும். தண்ணீர் போனால் துணி நனையும், எடை ஏறாது. வயிறு நிறைந்து பாலும் குறைவாகக் குடிக்கும்.

2. பால் குடிப்பதைப் பாருங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்க வேண்டும். என் மகள் ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்குவாள். "தங்கமான குழந்தை, அழறதே இல்ல" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். எண்ணிப் பார்த்தபோது ஆறே முறை. பால் குறைவாகக் குடிக்கும் குழந்தைக்கு அழவும் தெம்பு இருக்காது என்பது அப்புறம்தான் புரிந்தது.

சரி, குடிக்கும்போது நாற்பது நிமிடம் குடித்தாளே? நேரத்தைப் பார்க்காதீர்கள், தாடையைப் பாருங்கள். முதலில் வேகமாகச் சப்பும். பால் இறங்கியதும் தாடை மெதுவாக, ஆழமாக இறங்கி ஒரு நொடி நிற்கும், பிறகு விழுங்கும் சத்தம் லேசாகக் கேட்கும். அவள் காம்பின் நுனியை மட்டும் பிடித்துச் சப்பிக்கொண்டே தூங்கிவிடுவாள்.

நர்ஸ் அக்கா சரிசெய்து கொடுத்தார். மூக்குக்கு நேரே காம்பை வைத்து, வாய் பெரிதாகத் திறக்கும்வரை காத்திருந்து, கீழ்ப்பக்கக் கருவளையமும் உள்ளே போகும்படி அணைத்துக்கொள்ள வேண்டும். காம்பு வலிப்பதும் அன்றோடு குறைந்தது.

3. எடை போடுங்கள்

முதல் சில நாட்களில் எடை குறைவது இயல்பு. பிறந்த எடையில் 7 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் பால் குடிப்பதைக் கவனிக்க வேண்டும். 10 சதவீதத்தை நெருங்கினால் டாக்டரிடம் போக வேண்டும்.

மகள் பிறந்தபோது 2.90 கிலோ, ஐந்தாம் நாள் 2.62. குறைந்தது 280 கிராம். 280-ஐ 2900-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் கிட்டத்தட்ட 9.7 சதவீதம். டாக்டர் சொன்னபடி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுப்பிக் கொடுத்தேன். மிச்சப் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் ஊட்டினேன். எட்டாம் நாள் 2.70. மூன்று நாளில் 80 கிராம், நாளுக்குச் சுமார் 27. இந்தக் கட்டத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்லது. பதினான்காம் நாள் 2.90, பிறந்த எடைக்கே வந்துவிட்டாள். இரண்டு வாரத்துக்குள் அந்த எடை திரும்ப வேண்டும்.

ஒரே தராசில், துணியில்லாமல் நிறுத்துங்கள். மருத்துவமனைத் தராசும் ஆரம்ப சுகாதார நிலையத்துத் தராசும் எங்களுக்கு 60 கிராம் வேறுபட்டன. மூன்று நாள் உழைப்பை அந்த வித்தியாசமே விழுங்கிவிடும்.

பிற்சேர்க்கை: திருப்பூரிலிருந்து ஒரு அம்மா, டயாபர்தான் போடுகிறேன், எப்படி எண்ணுவது என்று கேட்டிருந்தார். புது டயாபரில் மூன்று பெரிய கரண்டி (45 மில்லி) தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பாருங்கள். நன்றாக நனைந்தது அந்தக் கனம் இருக்கும். ஆறு வாரத்துக்குப் பிறகு சில குழந்தைகள் சில நாளுக்கு ஒரு முறைதான் மலம் போகும். எடை ஏறிக்கொண்டிருந்தால் அது இயல்பே.

எழுப்பினாலும் குடிக்காமல் துவண்டிருந்தால், எட்டு மணி நேரம் சிறுநீரே போகாவிட்டால், மஞ்சள் நிறம் கால் வரை இறங்கினால் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.